“அண்ணா, இது என்ன? நான் என்ன செய்யணும்?”: ஸ்கேன் செய்து வந்த செக் பவுன்ஸ் நோட்டீஸைப் படித்துச் சொல்வது எப்படி

ஏப்ரல் 5, 2025. சனிக்கிழமை இரவு பத்து மணி. தெரிந்த தம்பி ஒருவனிடமிருந்து போனில் மூன்று படங்கள் வந்தன. கீழே ஒரே வரி: “அண்ணா, இது என்ன? நான் என்ன செய்யணும்?”

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. நோட்டீஸ் டைப் ஆவதையும், கவரில் போவதையும், திரும்பி வருவதையும் பல வருடமாகப் பார்க்கிறவன். அதனால் தெரிந்தவர்கள் வீட்டுக்கு எந்தச் சட்டக் காகிதம் வந்தாலும் அதன் படம் முதலில் என் போனுக்கு வந்துவிடும். உங்கள் வீட்டிலோ நண்பர்கள் வட்டத்திலோ இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். அதிகம் வருகிற, கெடுவும் குறுகலாக இருக்கிற ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன்: செக் திரும்பியதற்கு வரும் வக்கீல் நோட்டீஸ். அந்தத் தம்பியின் விஷயத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி தொகையையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பதில் சொல்வதற்கு முன், படங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள்

அவன் அனுப்பிய முதல் படத்தில் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. நோட்டீஸின் தேதி இருக்க வேண்டிய இடம் அது. இரண்டாவது படம் “4. மேற்படி காசோலையை எங்கள் கட்சிக்காரர்” என்று பாதியில் நின்றது. மூன்றாவது படம் “7. ஆகவே தவறும் பட்சத்தில்” என்று தொடங்கியது. நடுவில் 5, 6 பத்திகள் இல்லை. ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு பணம், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் அநேகமாக அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பயத்தில் படம் எடுப்பவர்கள் மிரட்டல் வரும் கடைசிப் பக்கத்தைத் தெளிவாக எடுத்துவிட்டு, கேட்கும் தொகை வரும் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பழகிப்போன விஷயம்.

பத்தி எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று பார்ப்பதே இதற்குச் சுலபமான வழி. அப்புறம் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஓரம் வெட்டுப்படாமல் எல்லாப் பக்கங்களும், பின்பக்கத்தில் ஏதாவது எழுத்தோ சீலோ இருந்தால் அது, கவரின் இரண்டு பக்கங்களும், கூடவே இணைப்பாக வந்த செக் நகலும், செக் ஏன் திரும்பியது என்று வங்கி எழுதித் தரும் மெமோவின் நகலும்.

கவரைக் கேட்டதும் தம்பி, “கவர் எதுக்குண்ணா, அதைத் தூக்கிப் போட்டாச்சே” என்றான். குப்பைக் கூடையிலிருந்து எடுக்கச் சொன்னேன். நோட்டீஸ் விஷயத்தில் கெடுவை முடிவுசெய்யும் காகிதம் அந்தக் கவர். அதன் மேல் ஒட்டிய சீட்டில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று பதின்மூன்று எழுத்துகளில் ஒரு தபால் எண் இருக்கும். அதை இந்தியத் தபால் துறையின் இணையதளத்தில் போட்டால் எந்தத் தேதியில் அனுப்பினார்கள், எந்தத் தேதியில் வீட்டில் கொடுத்தார்கள் என்று வரும். அந்தத் திரையை அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலம் போனால் பழைய விவரம் அங்கே கிடைக்காது.

யார் அனுப்பியது என்பதை முதலில் பிரித்துவிடுங்கள்

தலைப்பில் ஒரு வக்கீலின் பெயரும் அலுவலக முகவரியும் இருந்தால் அது வக்கீல் நோட்டீஸ். வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்றுதான் அதற்குப் பெரும்பாலும் பொருள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், நீதிமன்ற முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி இவை இருந்தால் அது சம்மன். அதில் இருக்கும் தேதிக்குப் போயே ஆக வேண்டும். இங்கே சொல்லும் 15 நாள் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. அடமானக் கடனுக்காக வங்கியே அனுப்பும் 60 நாள் நோட்டீஸ் வேறு சட்டத்தின் கீழ் வருவது. அதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ். உள்ளே “மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138” என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் இது செக் விஷயம் என்று உறுதி. பணம் வாங்கியதே தப்பு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கொடுக்க வேண்டிய கடனுக்காகக் கொடுத்த செக் திரும்பி, முறையாக நோட்டீஸ் கொடுத்த பிறகும் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால்தான் குற்றம் என்கிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நோட்டீஸ் கைக்கு வந்த அன்று குற்றம் இன்னும் முழுமையாகவில்லை. இந்த ஒன்றைச் சொன்னாலே எதிரில் இருப்பவருக்குப் பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

நோட்டீஸ் மொழியைப் பேச்சுத் தமிழில் மாற்றுவது

வக்கீல் நோட்டீஸில் பத்து வரிக்கு ஒரு செய்திதான் இருக்கும். பத்தி பத்தியாக எடுத்து, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். தம்பியின் நோட்டீஸில் இருந்த சில வரிகளும் அவற்றின் பொருளும் இப்படி:

“தாங்கள் எங்கள் கட்சிக்காரரிடம் குடும்ப அவசரத் தேவைக்காக ரூ. 2,00,000 கைமாற்றாகப் பெற்று, மேற்படி கடனைத் தீர்க்கும் பொருட்டு” என்பதில் முக்கியமான சொற்கள் “கடனைத் தீர்க்கும் பொருட்டு”. செக் பரிசாகவோ பாதுகாப்புக்காகவோ கொடுத்தது அல்ல, கடனுக்கு என்று பதிவு செய்கிறார்கள். வழக்கு நிற்பது இந்தச் சொற்களின் மேல்தான். அது உண்மையா, முழு உண்மையா என்பதுதான் பிறகு கேள்வியாக வரும்.

“போதிய நிதி இல்லை என்ற காரணத்துடன் திருப்பப்பட்டது” என்பது வங்கி மெமோவில் இருக்கும் காரணம். “கணக்கு மூடப்பட்டது”, “பணம் தர வேண்டாம் என்று உத்தரவு”, “கையெழுத்து பொருந்தவில்லை” என்று இருந்தாலும் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காரணங்களையும் இதே பிரிவுக்குள் உச்ச நீதிமன்றம் கொண்டுவந்திருக்கிறது.

“இந்த அறிவிப்பு கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் மேற்படி காசோலைத் தொகை ரூ. 2,00,000, அதற்கு ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி, இந்த அறிவிப்புக்கான செலவு ரூ. 10,000 ஆகியவற்றைச் செலுத்த வேண்டியது” என்பதுதான் அந்த விட்டுப்போன பக்கத்தில் இருந்தது. இதில் மூன்று தொகைகள் கலந்திருக்கின்றன. பிரிவு 138 கேட்கச் சொல்வது செக் தொகையை மட்டும். வட்டியும் நோட்டீஸ் செலவும் அவர்கள் தனியாகக் கேட்பவை. அவற்றைத் தரவில்லை என்பதற்காக 138 குற்றம் ஆகாது. அவற்றை வேண்டுமானால் சிவில் வழக்கில் கேட்டுக்கொள்ளலாம். செக் தொகை தனியாகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இந்தக் கூடுதல் கோரிக்கைகளால் நோட்டீஸ் செல்லாமல் போய்விடாது. ஆனால் செக் தொகையையே தப்பாக எழுதியிருந்தால் கதை வேறு. நோட்டீஸில் கேட்கும் தொகையும் செக் தொகையும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், தட்டச்சுப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் செக் நகலில் உள்ள தொகையையும் நோட்டீஸில் உள்ள தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாகப் பாருங்கள்.

“தவறும் பட்சத்தில் தங்கள் மீது உரிமையியல் மற்றும் குற்றவியல் நடவடிக்கை எடுக்கப்படும், அதன் செலவுக்கும் விளைவுக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்” என்பது எல்லா நோட்டீஸிலும் வரும் கடைசி வரி. கம்ப்யூட்டரில் பழைய நோட்டீஸிலிருந்து அப்படியே வருவது. (நானே எத்தனையோ தடவை ஒட்டியிருக்கிறேன்.) கேஸ் போட்டாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. போடுவோம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

கெடு: எந்தத் தேதியிலிருந்து?

எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். அந்தச் சனிக்கிழமை இரவு என் முன்னால் இருந்த தேதிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

செக்கில் போட்ட தேதி பிப்ரவரி 10. வங்கியில் போட்டது மார்ச் 3. திரும்பிய தகவல் அவர்களுக்குக் கிடைத்தது மார்ச் 5. நோட்டீஸில் இருக்கும் தேதி மார்ச் 24. தபாலில் சேர்த்தது மார்ச் 26. வீட்டில் கொடுத்தது மார்ச் 29. தம்பி பார்த்தது ஏப்ரல் 5.

“நான் இன்னிக்குத்தானே பார்த்தேன், அப்போ 20ஆம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல?” என்று கேட்டான். இல்லை. மார்ச் 29 அன்று அவன் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, சாமி அலமாரியில் வைத்துவிட்டார். மகன் வெளியூரிலிருந்து வந்து பார்த்தது ஒரு வாரம் கழித்து. ஆனால் சரியான முகவரியில், வீட்டில் இருக்கும் பெரியவர் வாங்கிக்கொண்டால், கணக்கு அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நோட்டீஸில் அச்சிட்ட தேதியிலிருந்தும் எண்ணக் கூடாது, பிரித்துப் படித்த தேதியிலிருந்தும் எண்ணக் கூடாது. வீட்டில் கொடுத்த தேதிதான் கணக்கு.

எண்ணும்போது வாங்கிய நாளை விட்டுவிட வேண்டும். மார்ச் 30 முதல் நாள், 31 இரண்டாம் நாள், ஏப்ரல் 1 மூன்றாம் நாள். அப்புறம் ஏப்ரல் தேதியோடு இரண்டைக் கூட்டினால் எத்தனையாவது நாள் என்று தெரிந்துவிடும். ஏப்ரல் 13 பதினைந்தாவது நாள். அந்தக் கெடு அன்று இரவோடு முடிகிறது.

காலண்டரைத் திருப்பினால் ஏப்ரல் 13 ஞாயிறு, 14 விடுமுறை. விடுமுறையில் நீதிமன்றம் மூடியிருந்தால் மறுநாள் தாக்கல் செய்யலாம் என்கிற வழக்கத்தை நினைத்து, பணம் தருவதையும் தள்ளிப்போடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். பணம் போக வேண்டியது நீதிமன்றத்துக்கு அல்ல, ஆளுக்கு. அதற்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. அவனிடம் நான் சொன்ன கடைசித் தேதி ஏப்ரல் 11, வெள்ளி. அன்று வங்கி திறந்திருக்கும், பரிமாற்றம் சிக்கினால் கேட்க ஆள் இருக்கும்.

சில நோட்டீஸ்களில் “7 தினங்களுக்குள்” என்று போட்டிருப்பார்கள். சட்டம் தரும் 15 நாளை வக்கீல் குறைக்க முடியாது. கெடு முடிவதற்குள் அவர்கள் வழக்குப் போட்டால் அந்த வழக்கு நிற்காது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

நோட்டீஸையே வாங்காமல் திருப்பிவிட்டால் கெடு ஓடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சரியான முகவரிக்குப் போய், வாங்க மறுத்தார் என்றோ தகவல் சொல்லியும் வாங்கவில்லை என்றோ கவர் திரும்பினால், போய்ச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்புதான் நமக்குப் போகும். நிஜமாகவே நோட்டீஸ் வரவில்லை என்றால் அதற்கும் 2007இல் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டிவிட்டு, வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்.

அவர்களுக்கும் கெடு உண்டு

நோட்டீஸ் அனுப்பியவர் மூன்று கெடுக்களைக் கடைப்பிடிக்க வேண்டும். செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸை அனுப்பியிருக்க வேண்டும். நமக்கான 15 நாள் முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கில் மார்ச் 5க்குப் பிறகு 30 நாள் என்றால் ஏப்ரல் 4. அவர்கள் மார்ச் 26இல் அனுப்பிவிட்டார்கள், சரியாக இருக்கிறது. வழக்குப் போட அவர்களுக்கு உரிமை வருவது ஏப்ரல் 14. அந்த நாளை விட்டுவிட்டு ஒரு மாதம் எண்ணினால் மே 14. ஆக, தம்பியின் காலண்டரில் குறிக்க வேண்டியவை இரண்டே தேதிகள்: ஏப்ரல் 13, மே 14.

அவர்கள் கெடுவைத் தவறவிட்டது உங்கள் கண்ணில் பட்டாலும், “இனி பயமில்லை” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். செக் இன்னும் செல்லும் காலத்தில் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பி, புதிதாக நோட்டீஸ் அனுப்ப முடியும். கடைசி ஒரு மாதக் கெடு தாண்டினால்கூடத் தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தவற விட்டதைக் குறித்து வைத்து வக்கீலிடம் சொல்லுங்கள். எதிராளிக்குப் போன் போட்டு, “உங்க நோட்டீஸ் செல்லாது” என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். செக்கின் ஆயுள் முடிவதற்குள் அவர்கள் திருத்திக்கொள்வார்கள்.

காகிதத்தில் இல்லாததைக் கேளுங்கள்

இதுவரை நோட்டீஸ் சொன்னதைப் படித்தோம். அடுத்து, நோட்டீஸ் வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பணம் வாங்கியது உண்மையா? செக் எப்போது, எந்த நிலையில் கொடுத்தது? அதற்குப் பிறகு ஏதாவது திருப்பித் தந்தாயா, அதற்கு ஆதாரம் என்ன?

தம்பி முதலில் “நான் தேதி போடவே இல்லைண்ணா, அவரா எழுதிக்கிட்டாரு” என்றான். இதை எல்லாரும் பெரிய ஆயுதம் என்று நினைக்கிறார்கள். கையெழுத்து உன்னுடையது என்றால், மற்றதை அவர் நிரப்பியிருந்தாலும் செக் செல்லும் என்பதுதான் நிலைமை. கையெழுத்தை ஒப்புக்கொண்ட உடனே, கடனுக்குத்தான் கொடுத்தது என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பாரம் நம் பக்கம் வந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு அவன் சொன்ன பதில்தான் விஷயத்தைத் திருப்பியது. செக்கைக் கொடுத்தது 2024 செப்டம்பரில். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் தலா ரூ. 20,000 போன் வழியாக அனுப்பியிருக்கிறான். மொத்தம் ரூ. 60,000. அதாவது பிப்ரவரி 10 தேதியிட்டு ரூ. 2,00,000க்குச் செக்கை வங்கியில் போட்டபோது உண்மையில் பாக்கி இருந்தது ரூ. 1,40,000. நோட்டீஸ் இந்த அறுபதாயிரத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

இது சின்ன விஷயம் அல்ல. செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கின் மேல் குறித்துவிட்டு மீதிக்குத்தான் வங்கியில் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் முழுத் தொகைக்குப் போட்டால், செக்கில் இருக்கும் தொகை அன்றைக்கு உண்மையான கடன் அல்ல, அதனால் 138 குற்றம் பொருந்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த ரூ. 60,000 இதே கடனுக்காகத்தான் போனது என்று காட்ட வேண்டும். எதிராளி “அது வேறொரு பழைய பாக்கிக்கு” என்று சொல்லக்கூடும். அதனால்தான் வங்கி விவரமும், அந்த நாட்களில் இருவருக்கும் இடையே போன செய்திகளும் தேவை. டிசம்பர் செய்தி ஒன்றில் அவர் “இரண்டாவது தவணை வந்தது, மீதி 1,60,000” என்று எழுதியிருந்தார். இதைவிட நல்ல ரசீது எங்கே கிடைக்கும்?

நான் அவனுக்கு அனுப்பிய பதில்

விளக்கம் எல்லாம் முடிந்த பிறகு, ஒரே செய்தியாக, திரும்பத் திரும்பப் படிக்கும்படி எழுதி அனுப்பினேன். போனில் சொன்னதை ராத்திரி யோசிக்கும்போது மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

> தம்பி, இது கோர்ட் சம்மன் இல்லை. செக் திரும்பியதற்கு வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். கேஸ் இன்னும் போட்ட மாதிரி தெரியவில்லை.
>
> அவர்கள் சொல்வது: நீ 2 லட்சம் வாங்கினாய், செக் கொடுத்தாய், பணம் இல்லாமல் திரும்பியது, 15 நாளில் பணத்தைத் தா.
>
> அவர்கள் சொல்லாதது: நீ ஏற்கெனவே தந்த 60,000.
>
> அம்மா வாங்கிய தேதி மார்ச் 29. கெடு ஏப்ரல் 13, ஞாயிறு. நாம் வைத்துக்கொள்ளும் தேதி ஏப்ரல் 11, வெள்ளி.
>
> திங்கட்கிழமை வக்கீலைப் பார். நோட்டீஸ், கவர், மூன்று பரிமாற்ற விவரம், அந்த டிசம்பர் செய்தி, செக் புத்தகத்தின் அடிக்கட்டை எல்லாம் எடுத்துப் போ.
>
> அதுவரை அவருக்குப் போன் செய்யாதே, செய்தி அனுப்பாதே, புதுச் செக் எதுவும் கொடுக்காதே.

கடைசி வரி ஏன் என்று கேட்டான். பதற்றத்தில் “அடுத்த மாசம் முழுசா தந்துடறேன், கொஞ்சம் பொறுங்க” என்று ஒரு குரல் பதிவு போய்விட்டால், இரண்டு லட்சத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரி அதைக் காட்டுவார்கள். சமாதானத்துக்காகக் கொடுக்கும் இரண்டாவது செக், இரண்டாவது வழக்காக மாறிய கதைகளும் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே கிடைக்கும்.

பணம் தருவதா, பதில் தருவதா?

15 நாள் கெடு என்பது பணம் கட்டுவதற்கு. பதில் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கொடுக்காவிட்டால் வாதாடும் உரிமை போய்விடுவதும் இல்லை. ஆனால் “அப்போதே ஏன் சொல்லவில்லை?” என்ற கேள்வி விசாரணையில் கட்டாயம் வரும். ஆதாரம் கையில் இருப்பவர்கள் கெடுவுக்குள்ளேயே பதில் கொடுப்பதுதான் என் அனுபவத்தில் நல்லது. பதில் கொடுத்துவிட்டோமே என்று பணம் கட்டும் கெடு நின்றுவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய.

முழுத் தொகையும் உண்மையான பாக்கி என்றால் கெடுவுக்குள் செக் தொகையைக் கட்டிவிடுவதே மலிவான வழி. கட்டிவிட்டால் 138 வழக்குக்கே இடம் இல்லை. தம்பியின் விஷயம் நடுவாந்திரம். ரூ. 1,40,000 பாக்கி உண்மை, ரூ. 60,000 தகராறு. வக்கீல் அவனிடம் இரண்டு வழி சொன்னார். வம்பே வேண்டாம் என்றால் ரூ. 2,00,000ஐயும் கட்டிவிட்டு, கூடுதலாகப் போனதைத் தனியாகத் திருப்பிக் கேட்பது ஒன்று. உண்மையான பாக்கியை மட்டும் கட்டி, ரூ. 60,000க்கான ஆதாரத்தோடு பதில் நோட்டீஸ் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு ஆபத்து உண்டு. எதிராளி பிடிவாதம் பிடித்து வழக்குப் போட்டால் நீதிமன்றம் போய் நிரூபிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது செக் தொகையில் 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். அவன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான். டிசம்பர் செய்தி அவ்வளவு தெளிவாக இருந்ததுதான் காரணம். அது இல்லாமல் இருந்திருந்தால் முதல் வழியைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 9 அன்று ரூ. 1,40,000ஐ வங்கி வழியாக, நோட்டீஸில் பெயர் உள்ளவரின் கணக்குக்கே அனுப்பினான். ரொக்கமாகவோ, “என் மச்சான் கிட்ட கொடுத்துடு” என்பதுபோல வேறொருவர் கையிலோ தரக் கூடாது. பரிமாற்றக் குறிப்பில் செக் எண்ணைப் போட்டான். ஏப்ரல் 11 அன்று பதில் நோட்டீஸ் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் கடன் கொடுத்தவருக்கும் தனித்தனியாக விரைவுத் தபாலில் போனது. அந்தத் தபால் சீட்டுகளை, மார்ச் 29 கவரோடு ஒரே கோப்பில் வைத்தோம்.

பதில் நோட்டீஸ் ஒன்றரைப் பக்கம்தான். வாங்கியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு திருப்பியது, பரிமாற்ற எண்கள், செக் வங்கிக்குப் போன அன்று உண்மையான பாக்கி எவ்வளவு, அது ஏப்ரல் 9இல் கட்டப்பட்டது, அசல் செக்கைத் திருப்பித் தர வேண்டும். கோபமோ அவர் குணத்தைப் பற்றிய விமர்சனமோ ஒரு வரியும் இல்லை. தம்பி எழுதிக் கொடுத்த முதல் வரைவில் அது இரண்டு பக்கத்துக்கு இருந்தது, வக்கீல் அடித்துவிட்டார்.

ஏப்ரல் 22 அன்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அசல் செக்கைத் தரத் தயார், ரசீதில் கையெழுத்துப் போட வாருங்கள் என்று. “பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்” என்று மட்டும் அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். அதை மாற்றி, செக் எண், தேதி, தொகை மூன்றையும் போட்டு, “இந்தக் காசோலை தொடர்பாகவும் இந்தக் கடன் தொடர்பாகவும் இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, நான் அனுப்பிய 24.03.2025 தேதியிட்ட அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன்” என்று எழுதி வாங்கச் சொன்னோம். செக்கைக் கையில் வாங்கி, எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் தம்பி ரசீதில் தன் கையெழுத்தைப் போட்டான்.